சி-கிளாம்ப்: அந்த 20 மட்டும் போதாது

"கிளாம்பின் 4,000 நியூட்டன் இறுக்கு விசையை முதுகின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் 20 மெகாபாஸ்கல்தான். இது எப்படி உடையும்?"

தம்பி, அந்த 20 சரி, ஆனால் அது சின்னப் பங்கு. விசை திருகின் அச்சில் இருக்கிறது. 10 மிமீ தடிமன், 20 மிமீ ஆழமுள்ள முதுகின் மையமோ 60 மிமீ தள்ளி. அந்தத் தள்ளலால் வரும் வளைவுத் தகைவு மட்டுமே 360. உள்விளிம்பில் இரண்டும் கூடி 380 இழுவை. வெளிவிளிம்பில் 340 அமுக்கம். டர்பனில் எங்கள் பட்டறையில் போன வார்ப்பிரும்பு கிளாம்பிலும் மயிரிழை விரிசல் உள்பக்கம்தான் தொடங்கியிருந்தது.

வெளியே பட்டை வெல்ட் வைக்கச் சொன்ன அண்ணன் பாதி சரி: முதுகின் ஆழம் 30 மிமீ ஆகிவிட்டால், மையம் 65 மிமீ தள்ளிப் போனாலும் உள்விளிம்பில் 187தான். ஆனால் வார்ப்பிரும்பில் வெல்டே விரிசல் போடும். அப்புறம், இதெல்லாம் நேரான பகுதிக்கு. மூலை வளைவில் இன்னும் கூடும், எவ்வளவு என்பது உங்கள் உள்வளைவின் ஆரம் தெரிந்தால்தான்.