கல்லை எடுக்கப் பிள்ளையை அனுப்பாதீர்கள்

மலையகத்தில் வீட்டு முற்றம் என்பது பெரும்பாலும் சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம்தான். வாகனம் நிற்பதும், துணி காய்வதும், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதும் அந்த ஒரே இடத்தில்தான். அதன் விளிம்பைத் தாண்டினால் பாதை கீழே இறங்கிவிடும். இப்படிப்பட்ட முற்றத்திலிருந்து வாகனத்தைப் பின்னுக்கு எடுக்கும்போது, "கண்ணாடியைப் பார்த்துத்தானே எடுக்கிறேன்" என்று சொல்வதை நான் ஒரு பதிலாகவே ஏற்பதில்லை.

ஏன் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒரு காரில் சாரதியின் கண் தரையிலிருந்து 120 சென்ரிமீற்றர் உயரத்திலும், அவருக்கு 2 மீற்றர் பின்னால் இருக்கும் பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு 100 சென்ரிமீற்றர் உயரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருடைய பார்வை மீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் வீதம் தாழ்ந்து, இன்னும் ஒரு மீற்றர் தள்ளியிருக்கும் பின் பம்பருக்கு மேலே 90 சென்ரிமீற்றர் உயரத்தில் கடந்து செல்லும். தரை மட்டமாக இருந்தால், 80 சென்ரிமீற்றர் உயரமுள்ள, நடை பழகிய ஒரு பிள்ளையின் உச்சந்தலை பம்பரிலிருந்து ஒரு மீற்றருக்கு அப்பால்தான் தெரியத் தொடங்கும். உருண்டுபோன பந்தை எடுக்கக் குந்தியிருக்கும் பிள்ளையின் உயரம் 50 சென்ரிமீற்றர் என்றால், 4 மீற்றர் வரை தெரியாது.

இனி நம் முற்றத்துக்கு வருவோம். பம்பர் விளிம்பில் நிற்க, அங்கிருந்து பாதை 10 மீற்றருக்கு ஒரு மீற்றர் வீதம் இறங்குகிறது என்றால், தரையும் பார்வையும் ஒரே அளவில் தாழ்ந்துகொண்டே போகும். அந்தச் சரிவு நீளும் வரை, 80 சென்ரிமீற்றர் பிள்ளை எங்கே நின்றாலும் பின் கண்ணாடியில் தெரியவே தெரியாது. பத்துக்கு ஒன்று என்பது நமக்குப் பெரிய ஏற்றமுமில்லை. லயத்துக்கு ஏறும் பாதைகள் பல அதைவிடச் செங்குத்தானவை.

ஆகவே இறங்கிச் சுற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். பலர் வாகனத்தைச் சுற்றி வந்து ஏறியபின் பெல்ட்டைப் போட்டு, போனைப் பார்த்து, பனி படிந்த கண்ணாடியைத் துடைத்து, அதன் பிறகுதான் நகர்த்துகிறார்கள். அந்த அரை நிமிடத்தில் ஒரு பிள்ளை முற்றத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வந்துவிடும். அப்பா புறப்படுகிறார் என்று தெரிந்தால் டாட்டா காட்ட ஓடிவரும் பிள்ளைகளும் உண்டு. கண்ணாடி துடைப்பது, சாமான் ஏற்றுவது, போன் பேசுவது எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கடைசி வேலையாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். வாகனத்தின் அடியிலும் விளிம்புக்குக் கீழேயும் குனிந்து பார்த்துவிட்டு, நேரே ஏறி, ஜன்னலை இறக்கி, பாட்டை நிறுத்தி, பிரேக்கில் கால் வைத்தபடி நடை வேகத்தில் எடுக்க வேண்டும். வீட்டுப் பெரியவர் ஒருவர் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, சாரதியின் கண்ணில் படும் இடத்தில் நிற்பது இன்னும் நல்லது. அவர் கண்ணுக்குத் தெரியாமல் போனால் வாகனம் நிற்க வேண்டும்.

என்னைப் பெரிதும் உறுத்துவது சில்லுக்கு வைக்கும் கல். சரிவில் நிறுத்தும் வேனுக்கும் முச்சக்கர வண்டிக்கும் கல் வைப்பது நம் ஊரில் வழக்கம்; புறப்படும்போது, "தம்பி, கல்லை எடு" என்று அங்கே விளையாடும் பிள்ளையிடமே சொல்வதும் வழக்கமாகிவிட்டது. வாகனம் எந்தப் பக்கம் உருளப் பார்க்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் கல் இருக்கும். அதை எடுப்பவர் குந்தியிருப்பதும் அங்கேதான். கல்லைச் சாரதியே இறங்கி எடுத்தால், சுற்றிப் பார்க்கும் வேலையும் அதோடு முடிந்துவிடும். பெற்றோல் மிச்சமென்று இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் பின்னுக்கு உருட்டுவதோ அதைவிட மோசம். சத்தமே இல்லாமல் வரும் வண்டியைப் பிள்ளை எப்படி அறியும்?

கமெரா இருக்கிறதே என்பார்கள். அமெரிக்காவில் 2018 மே மாதம் முதல் புதிய கார்களுக்கு அது கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. பம்பருக்கு நேர் பின்னே இருப்பதை அதைப்போல் கண்ணாடி காட்டாது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் நம் மழையில் லென்ஸில் ஒரு துளி நின்றாலே படம் கலங்கிவிடுகிறது. பக்கவாட்டிலிருந்து ஓடிவந்து சில்லுக்கு அருகே நிற்கும் பிள்ளையையும், ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது வெளியே வீசும் முன் மூலையையும் அது காட்டாது.

இடம் இருந்தால், மாலையில் வந்து சேரும்போதே பின்னுக்கு எடுத்து, முகப்பு பாதையைப் பார்க்க நிறுத்துவதே சிறந்தது என்பேன். அப்போது முற்றத்தை எதிரே பார்த்தபடி வருகிறோம். வாசலில் நிறுத்தி, பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிடச் சொல்லிவிட்டு, இறங்கிப் பார்த்து உள்ளே எடுக்கலாம். காலையில் வேலைக்குப் பிந்திய அவசரத்தில் இதே பொறுமை யாருக்கும் வருவதில்லை. முற்றம் குறுகலாக இருந்து திருப்பவே முடியாதென்றால், கீழே பாதையோரம் அகலமான இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து ஏறுவதையும் யோசிக்கலாம்; மழை நாளில் அது சிரமம்தான்.