"வாங்கத்தான்" என்று நான் சொல்லாமல் விட்ட காலை

போன ஆவணியில் அண்ணன் மகள் கல்யாணம். காலை 6 மணியிலிருந்து ஏழரை வரை முகூர்த்தம். மண்டப வாசலில் நின்று வருகிறவர்களை அழைக்கும் பொறுப்பு எனக்கும் என் மனைவிக்கும். ஆறரை மணி இருக்கும், பெரியப்பா மகள் அக்காவும் அத்தானும் வந்து இறங்கினார்கள். "வாக்கா, இப்பத்தான் வர்றியா?" என்று அக்கா கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, அத்தானைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓடிவிட்டேன். வாய் திறந்து "வாங்கத்தான்" என்று சொல்லவில்லை. அவர் தாலி கட்டும்வரை இருந்தார், மொய் எழுதினார், கை நனைக்காமல் ஊருக்குப் போய்விட்டார். பந்தி முடிகிற நேரத்தில்தான் எங்களுக்கே தெரிந்தது.

"இதுக்கெல்லாமா கோவிப்பாங்க?" என்று சிலர் கேட்டார்கள். எனக்கு அவர் கோபத்தில் நியாயம் தெரிகிறது. அக்கா எங்கள் ரத்தம். நான் ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் அது அவளுக்குப் பிறந்த வீடுதான். அத்தான் அப்படியா? அந்த மண்டபத்தில் அவருக்கு இருக்கிற உரிமையே நாங்கள் "வாங்க" என்று கூப்பிடுவதில்தான் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் மனைவியைக் கைபிடித்து அழைத்துவிட்டு அவரை வெறும் சிரிப்போடு விட்டால், அவளோடு கூட வந்த ஆள் மாதிரிதானே ஆகிறது?

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழக்கம் இது. ஜோடியாக வந்தால், நம் ரத்தம் இல்லாதவரை முதலில் கூப்பிட வேண்டும். அக்காவும் அத்தானும் வந்தால் அத்தானை. சித்தப்பாவும் சித்தியும் வந்தால் சித்தியை. நம் ஆளை இரண்டாவதாகக் கூப்பிட்டால் அவர் வருத்தப்பட மாட்டார், உள்ளுக்குள் சந்தோஷம்தான் படுவார். அதோடு, கூட்டமாக வந்தாலும் "எல்லாரும் வாங்க" என்பது கணக்கில் சேராது. "வாங்கத்தான், வாக்கா, வாங்க பெரியம்மா" என்று முறை சொல்லித் தனித்தனியாக அழைக்க வேண்டும். நாலு பேருக்குப் பத்து வினாடிகூட ஆகாது.

வாசலில் நிற்பவரை வேறு வேலைக்குக் கூப்பிடவே கூடாது என்பதும் என் கருத்து. மாலை, ஐயர், சமையல் எல்லாவற்றுக்கும் வேறு ஆள் வேண்டும். சம்பந்தி வீட்டாரைக் கவனிக்கவும் தனியாக இரண்டு பேர் இருப்பது நல்லது. அவர்களையும் பெண்ணின் தாய்மாமனையும் பொதுக் கூட்டத்தோடு சேர்த்து அழைத்துவிட்டு நகரக் கூடாது. எழுந்துபோய்க் கும்பிட்டு, கூடவே நடந்து, உட்காரவைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

உள்ளே நாற்காலி வரிசைக்கு வந்துவிட்டால் வயதுப்படி தேடிப் போவது வேலைக்காகாது. மூன்றாவது நாற்காலியில் இருக்கும் பெரியப்பாவைக் கும்பிட முதல் இரண்டு பேரைத் தாண்டினால், அந்த இரண்டு பேர் முகமும் வாடும். உட்கார்ந்திருக்கும் வரிசைப்படியே போக வேண்டும். தெரியாதவர் நடுவில் இருந்தால் அவருக்கும் ஒரு கும்பிடு. நான் பார்த்தவரை, இன்னொருவரை முன்னால் கூப்பிட்டதற்காக வந்த கோபத்தைவிடத் தாண்டிப் போனதற்காக வந்த கோபம்தான் அதிகம்.

விருந்தாளியாகப் போகும்போது இன்னொரு சிக்கல். எங்கள் பக்கம் முன்னால் வந்து உட்கார்ந்தவர்தான் பின்னால் வருகிறவரை "வாங்க" என்பார். வருகிறவர் சின்னவர் என்றால், அவர்தான் முதலில் பேச வேண்டும் என்று உட்கார்ந்திருக்கும் பெரியவர் நினைப்பார். இருவரும் காத்திருந்து, இருவரும் "கண்டுக்காம போயிட்டான்" என்று வீட்டில் போய்ச் சொல்வார்கள். சின்னவர் நேராக எதிரில் போய் நின்று, "எப்ப வந்தீங்க மாமா?" என்று கேட்டால் போதும். தூரத்திலிருந்து தலையசைப்பதைக் கண்ணாடி போட்டவர்கள் பாதிப் பேர் பார்ப்பதில்லை.

கணவரை இழந்த எங்கள் அத்தை ஒருத்தி எந்தக் கல்யாணத்திலும் தூணோரம் கடைசி வரிசையில்தான் உட்காருவார். சந்தனக் கிண்ணம் ஏந்தும் பிள்ளைகள் அவரிடம் போகத் தயங்கி வேறு பக்கம் திரும்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த வழக்கத்தை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அன்றைக்கு என் மனைவி கிண்ணத்தை வாங்கிக்கொண்டு நேராக அவரிடம் போனாள். அத்தை சந்தனத்தை எடுத்துக் கையில் தடவிக்கொண்டு, ரொம்ப நேரம் அவள் கையை விடவில்லை.

அத்தான் விஷயத்துக்கு வருகிறேன். போனில் மன்னிப்புக் கேட்கலாம் என்றான் தம்பி. அண்ணன் வேண்டாம் என்றார். நாலாம் நாள் அண்ணன், அண்ணி, நான், என் மனைவி நாலு பேரும் வெற்றிலை பாக்கு, பழம், பலகாரத்தோடு அவர் வீட்டுக்குப் போனோம். நடந்ததை யாரும் எடுத்துப் பேசவில்லை. வாசலில் எங்களைக் கண்டதும் அவர் எழுந்து வந்து, அண்ணியை முதலில் பார்த்து, "வாங்க" என்றார். அப்புறம் அண்ணனை, என் மனைவியை, கடைசியில் என்னை. மதியம் அங்கேயே சாப்பிட்டோம். எனக்கு அவரே சோறு போட்டார்.