பெண் பெயரில் பத்திரம்: பத்து லட்சத்தில் நிற்கும் சலுகை

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் சித்தி மகள் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மனை வாங்குகிறாள். "அண்ணா, பொம்பளைங்க பேர்ல எழுதுனா ஸ்டாம்ப்ல ஒரு பர்சண்ட் கம்மியாமே, நாங்க கேரளாக்காரங்க, எங்களுக்கும் உண்டா?" என்று கேட்டாள். எல்லையோரத்தில் பலருக்கும் இதே குழப்பம் இருப்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

உண்டு. வாங்குபவர் எந்த ஊர்க்காரர் என்பது கணக்கே இல்லை, மண் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்தச் சட்டம்தான். அதே மனையைக் கேரளாவின் சித்தூர் தாலுக்காவில் வாங்கினால் முத்திரை 8%, பதிவுக் கட்டணம் 2%. அங்கே ஆண், பெண் என்ற வித்தியாசம் கிடையாது.

ஆனால் நம் பக்கம் குறைத்திருப்பது முத்திரைத் தீர்வையை இல்லை. கிரையத்துக்கு 7% முத்திரைத் தீர்வை (சொத்து மாற்று வரியும் இதற்குள்) யார் பெயரில் எழுதினாலும் அப்படியேதான். 2% பதிவுக் கட்டணம்தான், 1.4.2025 முதல், பெண்கள் பெயரில் எழுதினால் 1% ஆகிறது. அதுவும் சொத்தின் மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்தால் மட்டும். ஆக, இந்தச் சலுகையில் ஒரு பெண்ணுக்கு அதிகபட்சம் மிச்சமாவது பத்தாயிரம் ரூபாய். நடக்கிற பதிவுகளில் சுமார் 75 சதவீதம் இதற்குள் வந்துவிடும் என்று அந்த வருஷ பட்ஜெட்டில் சொன்னார்கள். வரலாம். எனக்குக் குறை அதில் இல்லை.

பத்து லட்சம் என்ற கோட்டைப் போட்ட விதத்தில்தான் குறை. சரியாக 10 லட்சத்துக்கு எழுதினால் மொத்தச் செலவு 80,000. மதிப்பு ஆயிரம் ரூபாய் கூடி 10,01,000 ஆனால் 90,090. ஏனென்றால் கோட்டைத் தாண்டியதும் முழுத் தொகைக்கும் சலுகை போய்விடுகிறது.

இது என்ன செய்யும் என்பதற்குத் தங்கச்சியின் மனையே சாட்சி. பேசிய விலை 11 லட்சம். அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்புப்படி 9 லட்சத்து 40 ஆயிரம்தான் வருகிறது. தரகர் உடனே, "ஒம்பது தொண்ணூறுக்கு எழுதிக்கலாமுங்க, அம்மணிக்குச் சலுகையும் வந்துரும்" என்றார். 11 லட்சம் என்று உள்ளபடி எழுதினால் செலவு 99,000. 9.90 என்று எழுதினால் 79,200. கிட்டத்தட்ட இருபதாயிரம் மிச்சம். வழிகாட்டி மதிப்புக்கு மேலே எழுதுவதால் சார் பதிவாளர் அலுவலகத்தில் சாதாரணமாக யாரும் கேட்கப்போவதில்லை. குறைத்து எழுதும் பழக்கம் நம் ஊரில் முன்பே உண்டு. இந்த இருபதாயிரத்தில் பாதிக்கான ஆசையை இப்போது பெண்களுக்கான சலுகையே காட்டுகிறது.

மீதி 1,10,000 ரொக்கமாகக் கை மாறும். அதற்கு ரசீது ஏது? நாளைக்கு ஏதாவது தகராறு வந்து கிரையம் ரத்தானால் பத்திரத்தில் இருக்கும் 9.90ஐத்தான் அவள் கேட்க முடியும். பின்னால் விற்கும்போதும் வாங்கிய விலை 9.90 என்றுதான் கணக்கு, ஆதாய வரி அந்த அளவுக்குக் கூடும். மனை விற்பனையில் இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு வாங்கிய அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. விற்பவரிடம் இதைச் சொன்னதும் அவரே பின்வாங்கினார் என்பது வேறு கதை.

மச்சானுக்கு வேறு யோசனை: "ரெண்டு பேர் பேரையும் போட்டுக்கலாமே." ஆண் பெயர் சேர்ந்தால் இந்தச் சலுகை இல்லை. 11 லட்சம் என்று எழுதும்போது எப்படியும் சலுகை கிடையாது என்பதால், இனி அது கட்டணக் கேள்வியே இல்லை, யாருடைய பணம் என்கிற கேள்விதான். இந்த மனைக்கு முன்பணம் அவளுடைய நகையை அடகு வைத்துக் கொடுத்தது. அவள் ஒருத்தி பெயரிலேயே எழுதச் சொன்னேன். மச்சான் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், அப்புறம் சரியானார்.

நிபந்தனை போடுவதில் மகாராஷ்டிரா இன்னொரு பாடம். 2021இல் பெண்கள் வாங்கும் வீட்டுக்கு முத்திரைத் தீர்வையிலேயே 1% குறைத்தார்கள். ஆனால் 15 வருஷத்துக்கு அதை ஓர் ஆணுக்கு விற்கக் கூடாது என்றார்கள். அவசரத்துக்கு விற்க முடியாத சொத்து யாருக்கு வேண்டும்? 2023இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள்.

இங்கேயும் கோட்டை மாற்ற ஒரு வரி போதும். பெண் பெயரில் எந்த மதிப்புக்குப் பதிந்தாலும் முதல் 10 லட்சத்துக்கு 1%, அதற்கு மேல் உள்ளதற்கு 2% என்று வைக்கலாம். தங்கச்சியின் மனைக்கு அப்போது பதிவுக் கட்டணம் 22,000க்குப் பதில் 12,000 ஆகியிருக்கும். ஒம்பது தொண்ணூறு என்று தரகர் சொல்வதற்குச் சலுகை ஒரு காரணமாக இருந்திருக்காது.