முன்னொட்டு மரத்தை முழுசாகக் கட்டிவிட்டு அப்புறம் சுருக்குவது வீண் வேலை

சொற்பட்டியலை வைத்து எழுத்துப்பிழை திருத்தியோ சொல் விளையாட்டோ எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். முதலில் எல்லாச் சொற்களையும் போட்டு, ஒரே தொடக்கமுள்ள சொற்கள் ஒரே கிளையில் போகும் முன்னொட்டு மரம் கட்டுவது, மெமரி பொங்கி வழிந்ததும் "இதை எப்படிச் சுருக்கலாம்" என்று தேடுவது. அந்த மரமும் நிலைகளும் அவற்றை இணைக்கும் எழுத்து அம்புகளும் கொண்ட ஒரு தானியங்கிதான். தேடினால் பொதுவான தானியங்கிகளைச் சுருக்கும் ஹாப்கிராஃப்ட் முறை கண்ணில் படும், அதையே எடுத்து மாட்டிவிடுவார்கள். விடை சரியாகத்தான் வரும். ஆனால் சொற்பட்டியலில் சுழற்சியே கிடையாது. எந்தப் பாதையில் போனாலும் எங்கோ ஓரிடத்தில் முடிந்துவிடும். இந்த ஒரு சலுகையைப் பயன்படுத்தினால் பெரிய மரத்தைக் கட்டவே வேண்டாம். வரிசைப்படுத்திய பட்டியலை ஒருமுறை வாசித்து முடிக்கும்போது மிகச் சிறிய தானியங்கி கையில் இருக்கும். யான் டாட்சுக், ஸ்டோயன் மிகோவ், புரூஸ் வாட்சன், ரிச்சர்ட் வாட்சன் நால்வரும் 2000-ல் எழுதிய கட்டுரையில் இந்த முறை தெளிவாக இருக்கிறது. அதைப் படித்த பிறகும் மரம் கட்டிச் சுருக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

எதை எதோடு இணைக்கலாம் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு நிலையிலிருந்து கிளம்பிச் சொல் முடியும்வரை என்னென்ன எழுத்துத் தொடர்கள் வரலாமோ, அதே தொடர்கள்தான் இன்னொரு நிலையிலிருந்தும் வரலாம் என்றால் இரண்டும் ஒன்றே. அங்கே எந்த வழியாக வந்தோம் என்பது பொருட்டில்லை. இதைச் சோதிக்கப் பின்னொட்டுகளை எல்லாம் பட்டியல் போட்டு ஒப்பிட வேண்டியதில்லை. அடியிலிருந்து மேலே வந்தால், குழந்தை நிலைகள் ஏற்கெனவே இணைக்கப்பட்டிருக்கும். அப்போது இரண்டே கேள்விதான்: இங்கே சொல் முடியலாமா? எந்த எழுத்துக்கு எந்த நிலைக்குப் போகிறது? இரண்டுக்கும் பதில் ஒன்றானால் நிலைகளும் ஒன்று. அந்தப் பதிலையே சாவியாக வைத்து ஒரு ஹாஷ் டேபிளில் போட்டுக்கொள்ளலாம். அதைப் பதிவேடு என்று சொல்லிக்கொள்வோம்.

கையால் ஒன்றைச் செய்து பார்த்துவிடலாம். பட்டியலில் ஐந்து சொற்கள்: நடித்தான், நடித்தாள், படி, படித்தான், படித்தாள். ஒவ்வொரு முழு எழுத்தையும் ஒரு அம்பாக எடுத்துக்கொள்கிறேன். வெறும் மரமாகக் கட்டினால் 13 நிலைகள் வரும்.

முதல் சொல்லுக்கு ந, டி, த், தா, ன் என்று ஒரு சங்கிலி. அடுத்தது நடித்தாள். 'நடித்தா' வரை பொது, அங்கிருந்து பிரிகிறது. பட்டியல் வரிசையில் இருப்பதால் 'நடித்தான்' என்று தொடங்கும் சொல் இனி வராது. ஆகவே ன் போய்ச் சேரும் கடைசி நிலையை மூடிவிடலாம். அதன் சாவி "சொல் முடியலாம், அம்பு இல்லை". பதிவேடு காலியாக இருப்பதால் அது அங்கே போய் உட்காருகிறது. ள் அம்பு ஒரு புது நிலைக்குப் போகிறது.

மூன்றாவது, படி. பொது முன்னொட்டு எதுவும் இல்லை, அதனால் ந-வின் கிளை மொத்தத்தையும் அடியிலிருந்து மூடலாம். ள் போய்ச் சேரும் நிலையின் சாவி ஏற்கெனவே பதிவேட்டில் இருக்கிறது. புதியதைத் தூக்கிப் போட்டுவிட்டு அம்பைப் பழைய நிலைக்குத் திருப்புகிறோம். அதற்கு மேலே தா-வுக்குப் பிந்திய நிலை, அதிலிருந்து ன், ள் இரண்டும் ஒரே நிலைக்குப் போகின்றன. இப்படி ஒன்று பதிவேட்டில் இல்லை, சேர்க்கிறோம். மேலே உள்ள மூன்றும் அதேபோல் சேர்கின்றன.

கடைசிச் சொல்லும் முடிந்ததும் ப-வின் கிளையை மூட வேண்டும். முடிவு நிலைகள் பழையதோடு இணைகின்றன. 'படித்தா'வுக்குப் பிந்திய நிலைக்கும் 'நடித்தா'வுக்குப் பிந்திய நிலைக்கும் சாவி ஒன்றே, இணைகிறது. 'படித்', 'நடித்' அதேபோல. ஆனால் 'படி' வந்ததும் இணைப்பு நின்றுவிடுகிறது. அங்கே சொல் முடியலாம், 'நடி'யில் முடிய முடியாது. அவை வேறாகிவிட்டதால் அவற்றுக்கு மேலே உள்ள ப, ந நிலைகளும் வேறாகவே நிற்கின்றன. மொத்தம் 8 நிலைகள்.

மூடும் வேலை முழுவதும் இவ்வளவுதான்:

```python
def freeze(s, reg):
    c, t = s.edges[-1]
    if t.edges:
        freeze(t, reg)
    k = (t.final, tuple((a, id(u)) for a, u in t.edges))
    s.edges[-1] = (c, reg.setdefault(k, t))
```

எந்த நேரத்திலும் மெமரியில் இருப்பது, மூடி முடித்த சிறிய தானியங்கியும் கடைசியாகச் சேர்த்த சொல்லின் சங்கிலியும் மட்டும்தான். முழு மரம் ஒரு கணம்கூட இருப்பதில்லை.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். அந்தப் பட்டியலில் 'நடி'யையும் சேர்த்துப் பாருங்கள். சொற்கள் ஆறு ஆகின்றன, நிலைகள் 8-லிருந்து 6-ஆகக் குறைகின்றன! சொல்லைக் கூட்டினால் தானியங்கி சிறுத்துப்போகிறது. ஒழுங்கு எங்கே உடைகிறதோ அங்கேதான் கூடுதல் நிலை முளைக்கிறது. 'நடி' விடுபட்டிருந்தது என்பதை அந்த இரண்டு உபரி நிலைகள் காட்டிக்கொடுக்கின்றன.

இதைச் சுருக்கும் கருவியாக மட்டும் பார்ப்பது போதாது என்று நான் நினைப்பது இதனால்தான். கட்டி முடித்ததும் பதிவேட்டை ஒருமுறை அலசுங்கள். அம்புகள் அச்சாக ஒன்றாக இருந்து, "முடியலாமா" என்பதில் மட்டும் மாறுபடும் ஜோடிகளை எடுத்து அச்சிடுங்கள். மேலே உள்ள ஐந்து சொற்களில் அப்படி ஒரே ஒரு ஜோடிதான் உண்டு, அது சரியாக விடுபட்ட சொல்லில் போய் நிற்கிறது. தமிழ் மாதிரி விகுதி மேல் விகுதி அடுக்கும் மொழியில் இந்தச் சோதனை பட்டியலின் ஓட்டைகளை வெளியே கொண்டுவரும். வருவதெல்லாம் ஓட்டை என்று நினைத்துவிடக் கூடாது. கண், கண்டான், கண்டாள் ஒரு பக்கம், கொண்டான், கொண்டாள் மறு பக்கம் இருந்தால் 'கண்', 'கொண்' என்று ஒரு ஜோடி வரும். கண் தனிச்சொல், கொண் அப்படி இல்லை. அங்கே பட்டியல் சரி. மொழி தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது சத்தமே போடாமல் சறுக்கும். பட்டியல் வரிசையில் இல்லாமல், ஐந்து சொற்களையும் மூடிய பிறகு 'நடித்தானா' வந்து சேர்கிறது என்று வையுங்கள். நிரல் 'நடித்தா' வரை நடந்து போய், அங்கே னா என்று ஒரு அம்பைப் போடும். அந்த நிலையோ 'படித்தா'வுக்கும் பொது. இப்போது யாரும் சேர்க்காத 'படித்தானா'வையும் தானியங்கி ஏற்றுக்கொள்ளும். தேடினால் பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லும் கிடைக்கும், ஆகவே "எல்லாச் சொல்லும் இருக்கிறதா" என்ற சோதனை பச்சை விளக்குதான் காட்டும். பிழை விடுபட்ட சொற்களில் இல்லை, கூடுதலாகப் புகுந்த சொற்களில் இருக்கிறது.

பிடிக்க எளிய வழி, பாதைகளை எண்ணுவது. ஒவ்வொரு நிலைக்கும், அங்கே முடியலாம் என்றால் 1, அதோடு ஒவ்வொரு அம்பும் போய்ச் சேரும் நிலையின் எண். அடியிலிருந்து ஒருமுறை கணக்கிட்டால் போதும். ஐந்து சொல் தானியங்கியில் முடிவு நிலைக்கு 1, தா-வுக்குப் பின் 2, 'நடி'க்கு 2, 'படி'க்கு 3, வேரில் 5. சரி. கெட்டுப்போன தானியங்கியில் வேரில் 7 வரும், பட்டியலிலோ 6 சொற்கள். இந்த ஒப்பீடு இல்லாமல் தானியங்கியை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வரிசை கெட்ட பட்டியலுக்கும் அதே கட்டுரையில் ஒரு முறை உண்டு. பல அம்புகள் வந்து சேரும் நிலையில் கை வைக்கும் முன் அதையும் அதற்குக் கீழே அந்தச் சொல் போகும் வழியில் உள்ள நிலைகளையும் நகலெடுத்துக்கொண்டு, மாற்றியபின் மறுபடி பதிவேட்டில் தேடுவது. பயனர் அவ்வப்போது சொல் சேர்க்கும் அகராதிக்கு அது தேவை. முழுப் பட்டியலும் முன்கூட்டியே கையில் இருந்தால் அந்த வம்பு எதற்கு? `LC_ALL=C sort -u` ஒரு வரி. `LC_ALL=C` முக்கியம், மொழி அமைப்பை நம்பி வரிசைப்படுத்தினால் சில அமைப்புகள் இணைப்புக்குறி போன்றவற்றை முதல் சுற்றில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஒரே முன்னொட்டுள்ள சொற்கள் அப்போது அடுத்தடுத்து வராமல் சிதறும்.

அதற்கும் முன்னால் யூனிகோடைச் சீராக்குங்கள். 'கொ'வில் உள்ள கொம்பும் காலும் U+0BCA என்ற ஒரே குறியாகவும் இருக்கலாம், U+0BC6, U+0BBE என்று இரண்டாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பல இடத்திலிருந்து திரட்டிய பட்டியலில் இரண்டும் கலந்தால் 'கொண்டான்' இரண்டு பாதையாக நுழையும். பாதை எண்ணிக்கை இதைக் காட்டாது, ஏனென்றால் பட்டியலிலும் அது இரண்டு வரியாகவே இருக்கிறது. NFC-க்கு மாற்றிவிட்டு அப்புறம் வரிசைப்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

"சொல்லோடு பொருளையும் பயன்பாட்டு எண்ணிக்கையையும் எங்கே வைப்பது?" என்று கேட்பார்கள். முடிவு நிலையில் வைக்க முடியாது. நடித்தானும் படித்தாளும் ஒரே நிலையில்தான் முடிகிறார்கள். அங்கே தனித்தனித் தகவலை ஒட்டினால் சாவிகள் மாறி, இணைப்பெல்லாம் கலைந்து, பழையபடி மரத்துக்கே வந்துவிடுவீர்கள். இங்கேயும் அந்தப் பாதை எண்ணிக்கைதான் கைகொடுக்கிறது. சொல்லைத் தேடிக்கொண்டு போகும்போது, ஒதுக்கிவிட்டுப் போகும் முந்தைய அம்புகளின் எண்களையும், வழியில் முடியக்கூடிய நிலைகளைத் தாண்டும்போது 1-ஐயும் கூட்டிக்கொண்டே போங்கள். படித்தாள் தேடினால் ந கிளைக்கு 2, 'படி'யைத் தாண்டியதற்கு 1, ன்-ஐ ஒதுக்கியதற்கு 1, ஆக 4. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் பட்டியலில் அதன் இடம் அதுதான். பொருளும் எண்ணிக்கையும் வெளியே ஒரு சாதாரண வரிசையில், அந்த நான்காம் எண்ணில் இருந்துகொள்ளலாம்.