13 வரிகளைத் திரும்பப் போட்டுவிட்டேன்

நேற்றைய பதிவைப் படித்தவர்களுக்கு விஷயம் தெரியும். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: ரிவியூவுக்கு அனுப்பிய என் பைத்தான் கோப்பில் இருந்த 14 `# %%` வரிகளையும் ஒருவர் மொத்தமாக அழித்துவிட்டு, "நோட்புக் குப்பையைச் சுத்தம் செய்தாச்சு" என்று எழுதியிருந்தார். பக்கத்திலேயே ஒரு சிரிப்பு எமோஜி. குப்பையாம்!

ஐயா, அது கமெண்ட். இந்தப் பதிவில் இதை இன்னும் நாலு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். `#` வந்துவிட்டால் அந்த வரியின் கடைசி வரை என்ன எழுதியிருந்தாலும் பைத்தான் கண்டுகொள்ளாது. டெர்மினலில் `python report.py` என்று ஓட்டிப் பாருங்கள், அந்த 14 வரி இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். எடிட்டருக்கு மட்டும்தான் அது அடையாளம்: இங்கிருந்து அடுத்த `# %%` வரை ஒரு செல். வி.எஸ். கோடுக்கும் ஸ்பைடருக்கும் இது புரியும். மேட்லாபில் `%%` போட்டுப் பழகியவர்களுக்குப் புதிதே இல்லை.

"நோட்புக்" என்று திட்டுவதென்றால் நிஜ நோட்புக்கைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஜூப்பிட்டர் நோட்புக்கின் `.ipynb` என்பது ஒரு ஜேசான் கோப்பு. கோடு, அவுட்புட், எத்தனையாவதாக ஓடியது என்ற எண், வரைபடத்தின் படம் எழுத்துக் குவியலாக, எல்லாம் அதற்குள்ளேயே கிடக்கும். ஒரு வரியைக்கூட மாற்றாமல் மறுபடி ஓட்டிச் சேமித்தாலே கிட்டில் மாற்றம் காட்டும். அதை ரிவியூ செய்யச் சொன்னால் எனக்கும் எரிச்சல் வரும். ஆனால் நான் அனுப்பியது சாதாரண `.py`. அவுட்புட் எடிட்டரின் பக்கத்து ஜன்னலில் வந்துவிட்டுப் போகிறது, கோப்பில் ஒட்டுவதில்லை. எதைச் சுத்தம் செய்தாராம்?

சரி, எதற்கு இந்தச் செல்? அந்தக் கோப்பின் முதல் வேலை, பெரிய சி.எஸ்.வி. கோப்புகளைப் படித்து ஒன்றாகச் சேர்ப்பது. அதற்கே 11 நிமிடம் ஆகும். அதன்பின் கணக்கு, கடைசியில் வரைபடம். வரைபடத்தின் அச்சில் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது, சாய்த்து வைக்க வேண்டும் என்று வையுங்கள். ஒரே ஒரு வரி மாற்றம். மேலிருந்து ஓட்டினால் அதைப் பார்க்க 11 நிமிடம். 30 டிகிரி சரியில்லை, 45 போடலாம் என்றால் இன்னொரு 11 நிமிடம். செல்லாகப் பிரித்திருந்தால் படித்த தரவு, பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் பைத்தானான கர்னலின் நினைவில் அப்படியே இருக்கும்; கடைசிச் செல்லில் கர்சரை வைத்து கன்ட்ரோல்-என்டர் தட்டினால் போதும், ஓரிரு நொடி. ஷிஃப்ட்-என்டர் தட்டினால் ஓட்டிவிட்டு அடுத்த செல்லுக்கு நகரும். இவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

இது வேலை செய்ய வி.எஸ். கோடில் பைத்தான், ஜூப்பிட்டர் என்ற இரண்டு எக்ஸ்டென்ஷன் வேண்டும். கோடு ஓடப்போகிற அதே என்விரான்மென்டில் `ipykernel` இருக்க வேண்டும். "அதே" என்பதை அழுத்திப் படியுங்கள். `pandas`-ஐ ஓரிடத்தில் நிறுவிவிட்டு, கர்னலாக வேறொரு பைத்தானைத் தேர்ந்தெடுத்துவிட்டு, `ModuleNotFoundError` வந்ததும் "செல்லே உருப்படாது" என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் ஒரு செல்லில் `import sys; print(sys.executable)` போடுங்கள். எந்தப் பைத்தான் ஓடுகிறது என்று அதுவே முழு வழியோடு சொல்லிவிடும்.

இப்போது, "செல் ஆபத்து, வரிசை மாறி ஓடும், பழைய மதிப்பு ஒளிந்திருக்கும்" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு. உங்களைவிட அது எனக்கு நன்றாகவே தெரியும். இதைப் பாருங்கள்:

```python
# %%
import pandas as pd
df = pd.read_csv("orders.csv")

# %%
df["price"] = df["price"] * 0.9

# %%
print(df["price"].sum())
```

நடுச் செல், விலையில் 10 சதவீதம் குறைக்கிறது. மொத்தம் 50,000 என்றால் 45,000 வர வேண்டும். கை தவறி நடுச் செல்லை இரண்டு தடவை ஓட்டிவிட்டீர்கள், 40,500 வரும். பிழைச் செய்தி கிடையாது, சிவப்பு எழுத்து கிடையாது. 40,500-ஐப் பார்த்தால் சந்தேகமும் வராது, அதுவும் நம்பும்படியான எண்தானே? மூன்றாம் தடவை ஓட்டினால் 36,450. இதைக் கண்டுபிடிக்க ஒரு தடயம் உண்டு: அவுட்புட் ஜன்னலில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பக்கத்தில் வரும் எண். மூன்று செல்லும் ஒழுங்காக ஒரு தடவை ஓடியிருந்தால் கடைசிச் செல்லுக்கு 3 இருக்கும். 4 என்றோ 7 என்றோ இருந்தால் நடுவில் வேறு ஏதோ ஓடியிருக்கிறது.

ஆனால் இதில் `# %%` என்ன தப்பு செய்தது? அது கமெண்ட்! தப்பு, படித்த தரவின் மேலேயே திருப்பி எழுதிய அந்த ஒரு வரியில். இப்படி மாற்றினால் முடிந்தது:

```python
# %%
import pandas as pd
raw = pd.read_csv("orders.csv")

# %%
df = raw.assign(price=raw["price"] * 0.9)
```

இப்போது நடுச் செல்லை நூறு தடவை ஓட்டுங்கள், 45,000-தான். ஒவ்வொரு தடவையும் கைபடாத `raw`-விலிருந்து தொடங்குகிறது. நினைவகம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், மறுக்கவில்லை. நான் அனுப்பிய கோப்பு இப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. `# %%` மட்டும் கண்ணில் பட்டது.

இன்னொரு வகைப் பேய் இருக்கிறது, அதையும் நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். `df` என்ற பெயர் பிடிக்காமல் `orders` என்று மாற்றுகிறீர்கள். கீழே ஓரிடத்தில் மட்டும் `df` மாறாமல் நின்றுவிட்டது. செல்லில் ஓட்டினால் பிழை வராது, ஏனென்றால் பழைய `df` கர்னலில் இன்னும் உயிரோடு இருக்கிறது. நீங்கள் அழித்தது கோப்பில் இருந்த எழுத்தை மட்டுமே. வேறொருவர் டெர்மினலில் ஓட்டும்போது `NameError` என்று நிற்கும். இதற்கும் பெரிய வைத்தியம் வேண்டாம். கமிட் செய்யும் முன் டெர்மினலில் முழுக் கோப்பையும் ஒரு தடவை ஓட்ட வேண்டும். புது ஓட்டம், புது நினைவு, மேலிருந்து கீழ். என் கோப்பில் அதற்கு 11 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகட்டும், நாளுக்கு ஒரு தடவைதானே. ரிவியூவுக்கு அனுப்புவதற்கு முன் நான் அதைச் செய்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கத்தான் ஆளில்லை.

அடுத்து, "டீபக்கர் என்று ஒன்று இருக்கிறதே, தெரியாதா?" தெரியும் சார். ஃபங்ஷனுக்குள் எந்த `if` வழியாகப் போகிறது என்று பார்க்க அதுதான் சரி. அந்த ஓட்டத்தை மூடியதும் 11 நிமிடத் தரவும் கூடவே போய்விடும். வரைபடத்தின் எழுத்தைச் சாய்க்க பிரேக்பாயின்ட் வைப்பீர்களா? அதற்குமேல் இதில் பேச ஒன்றுமில்லை.

"கோடை ஃபங்ஷனாக எழுதி வேறு கோப்பில் வை, செல் எதற்கு" என்பவர்களிடம் ஓரளவு நியாயம் இருக்கிறது. நானும் அப்படித்தான் வைக்கிறேன். `helper.py`-யில் ஃபங்ஷன், `report.py`-யில் செல். அங்கே ஒரு குழி உண்டு: `helper.py`-யைத் திருத்திச் சேமித்துவிட்டு `import helper` இருக்கிற செல்லை மறுபடி ஓட்டினாலும் பழைய ஃபங்ஷன்தான் வரும். ஒரு மாட்யூலை ஒரு தடவை ஏற்றியபின் அதே கர்னலில் பைத்தான் மறுபடி கோப்பைப் படிக்காது. அவுட்புட் ஜன்னலின் கீழே இருக்கும் உள்ளீட்டுப் பெட்டியில் இந்த இரண்டு வரியையும் ஒரு தடவை தட்டிவிட்டால், அடுத்தடுத்த ஓட்டங்களில் திருத்தம் தானாக ஏறும்:

```python
%load_ext autoreload
%autoreload 2
```

இதைக் கோப்புக்குள் எழுதிவிடாதீர்கள். `# %%` கமெண்ட், ஆனால் இது கமெண்ட் இல்லை. டெர்மினலில் `SyntaxError` வரும். அப்படி ஒரு வரி என் கோப்பில் இருந்து, அதை அழித்திருந்தால் கைகூப்பி நன்றி சொல்லியிருப்பேன்.

எனக்கு வலித்தது அழித்ததுகூட இல்லை. "ஏன் போட்டாய்" என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். அதே கோப்பில் அலங்காரத்துக்கு `#####` என்று நீளமாக இழுத்த கோடுகள் ஆறு இருக்கின்றன, வேறொருவர் போட்டவை. அவற்றை யாரும் தொடவில்லை. அவையும் கமெண்ட்தான். எடிட்டருக்குக்கூட அவற்றால் பிரயோஜனமில்லை. ஆனால் அது "ஒழுங்கு"; நான் போட்டது "குப்பை". செல் வைத்து எழுதினால் கோடு எழுதத் தெரியாதவன், ஏதோ பயிற்சி வகுப்பிலிருந்து நேராக வந்தவன் என்று ஒரு எண்ணம் இருக்கிறது பாருங்கள், அதைத்தான் அந்தச் சிரிப்பு எமோஜி சொன்னது.

கோபத்தில் அந்த மாற்றத்தை நேற்று இரவு வரிவரியாகப் பார்த்தேன். எந்த `# %%` எங்கே இருந்தது என்று. அதில் ஒன்பதாவது, `summarise` என்ற ஃபங்ஷனின் நடுவில், வரியின் முதல் எழுத்திலேயே உட்கார்ந்திருந்தது. எப்போதோ நகலெடுத்து ஒட்டியபோது நான் விட்டது. டெர்மினலில் ஒரு பிரச்சினையும் இல்லை, பைத்தானுக்கு அது கமெண்ட். ஆனால் எடிட்டர் ஃபங்ஷனை இரண்டாக வெட்டிவிடும். மேல் பாதி மட்டும் ஓடினால் `return` இல்லாத அரைகுறை ஃபங்ஷன் சத்தமில்லாமல் உருவாகும். கூப்பிட்டால் `None` வரும். கீழ்ப் பாதியை ஓட்டினால்தான் பிழை தெரியும். அதாவது அந்த ஒரு இடத்தில் ஒரே கோப்பு டெர்மினலில் ஒரு மாதிரியும் எடிட்டரில் இன்னொரு மாதிரியும் நடந்துகொள்ளும். "வெறும் கமெண்ட்" என்று இவ்வளவு நேரம் கத்தியவன் நான்தான்.

அழித்தவர் அதைப் பார்த்து அழிக்கவில்லை என்று உறுதியாகச் சொல்வேன். பார்த்திருந்தால் அதைத்தான் முதலில் எழுதியிருப்பார்.

ஒன்பதாவதை விட்டுவிட்டு மீதி 13-ஐயும் திரும்பப் போட்டு, டெர்மினலில் மேலிருந்து கீழ் ஒரு தடவை ஓட்டி, காலையில் அனுப்பிவிட்டேன். ரிவியூ இன்னும் வரவில்லை.