படுவான்கரைக்காரரும் சத்துமாக் கேள்வியும்

மட்டக்களப்பில் வீடு வீடாய்ப் போய், எவ்வளவு சத்துமா வாங்குகிறார்கள் என்று கேட்ட ஆய்வின் முடிவைச் சபையில் காட்டிய ஸ்லைடின் படம் இரண்டு நாளாக எல்லார் கையிலும் சுற்றுகிறது, அதனால் கதையை நீட்டிச் சொல்லப் போவதில்லை. "கிராமப்புறப் பதிலளிப்போர் மிகைப்படுத்திக் கூறும் போக்குடையவர்கள்" என்ற வரிக்குக் கீழே சிரிப்புப் பொம்மை போட்ட நண்பர்களுக்கும் சேர்த்துத்தான் இது. நகரத்தில் கேட்டால் சத்துமா குறைவாம், வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமங்களில் கேட்டால் கூடவாம், ஆனால் அந்தப் பக்கத்துக் கடைகளில் அந்தச் சாமான் தட்டில்கூட இல்லையாம். ஆகவே சனம் பொய் சொல்லுதாம். முடிவு எவ்வளவு லேசாக வந்துவிட்டது பாருங்கள்.

சனம் பொய் சொல்லவில்லை. வாவிக்குக் கிழக்கே நகரத்துப் பக்கம் இருக்கும் எழுவான்கரையில் ஒரு கேள்வி கேட்கப்பட்டது, படுவான்கரையில் வேறொரு கேள்வி கேட்கப்பட்டது. தாளில் இருந்தது என்னவோ ஒரே வசனம்தான்.

வசனம் இதுதான்: "கடந்த மாதம் உங்கள் குடும்பத்தில் எத்தனை பக்கற் சத்துமா வாங்கினீர்கள்?" கடினமான சொல் ஒன்றாவது இருக்கிறதா? இல்லை. அதனால்தான் "எளிய தமிழில் எழுதினால் பிரச்சினை தீர்ந்தது" என்று பின்னூட்டத்தில் வகுப்பெடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. 'கொள்வனவு' என்று போட்டிருந்தால் ஆச்சி "அது என்ன புள்ள?" என்று கேட்டிருப்பா, கணக்கெடுக்கப் போன பிள்ளையும் விளக்கியிருக்கும். 'வாங்கினீர்கள்' என்று போட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது, வேறு வேறாக. தெரியாத சொல் தடக்கி விழுத்தும், உடனே தெரியும். தெரிந்த சொல் சத்தமில்லாமல் ஆளை வேறு பாதையில் கூட்டிக்கொண்டு போய்விடும்.

சரி, என்ன நடந்தது என்று பார்ப்போம். கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் திரிபோஷா என்ற சத்துமாப் பக்கற் கொடுப்பார்கள். இலவசம். அதைப் பற்றி நம்முடைய ஊரில் எப்படிப் பேசுவார்கள்? "கிளினிக்குக்குப் போய் திரிபோஷா வாங்கிட்டு வந்தன்." அதுதான் வழக்கம், அதில் ஒரு பிழையும் இல்லை. தமிழில் கடையிலும் வாங்கலாம், கையிலும் வாங்கலாம், அடியும் வாங்கலாம். கல்லடியில் சம்பளம் எடுக்கும் ஒரு தாய்க்கு சத்துமா என்றால் சுப்பர் மார்க்கட் தட்டில் இருக்கும் பெட்டி, வாங்குவது என்றால் காசு கொடுப்பது. கொக்கட்டிச்சோலைக்கு உள்ளே இருக்கும் தாய்க்கு சத்துமா என்றவுடன் கண்ணுக்கு முன்னால் வருவது கிளினிக் பக்கற். இரண்டு பேரும் உண்மைதான் சொன்னார்கள். ஒருவர் விற்பனையைச் சொன்னார், மற்றவர் விநியோகத்தைச் சொன்னார். நீங்கள் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் கூட்டி, கடைக் கணக்கோடு ஒத்துப்பார்த்து, ஒத்துவராததும் சனத்தின் தலையில் கட்டிவிட்டீர்கள்.

என் பெரியம்மா வீட்டிலேயே இதைப் பார்த்தேன். மேற்பார்வைக்குப் போன கிராமத்துக்குப் பக்கத்தில்தான் அவவின் வளவு. வந்த பிள்ளை கேட்க, பெரியம்மா உள்ளே போய் பக்கற்றையே தூக்கிக்கொண்டு வந்து காட்டினா. "இந்தா இதுதான் புள்ள, சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை புடிச்சா புள்ளையள் நல்லாத் தின்னும்." கையில் இருந்தது திரிபோஷா. அந்தப் பிள்ளையின் டப்லட்டில் 'ரெண்டு' என்று பதிவாகிவிட்டது. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியுமா? கேள்வியை ஒரு எழுத்தும் மாற்றாமல் வாசி என்று பயிற்சியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். எங்கே வாங்கினது, என்ன விலை என்று கேட்க இடமே வைக்கவில்லை. அந்த இரண்டில் ஒன்றைக் கேட்டிருந்தாலே கதை அந்த முற்றத்திலேயே வெளித்திருக்கும்.

அதோடு முடியவில்லை. அந்த இரண்டு பக்கற்றும் பெரியம்மா வீட்டுக் கணக்கே இல்லை, அவவின் மகளின் பிள்ளைக்குக் கொடுத்தது. மகள் இருப்பது சீதன வீட்டில், பெரியம்மா இருப்பது அதே வளவுக்குள் பின்னால் இருக்கும் சின்ன வீட்டில். அடுப்பு இரண்டு, சமையல் இரண்டு. ஆனால் 'உங்கள் குடும்பம்' என்று கேட்டால் பெரியம்மா மகளையும் பேரப்பிள்ளைகளையும் விட்டுவிட்டா எண்ணுவா? நகரத்தில் வாடகை வீட்டில் இருப்பவர் புருசன், பெண்சாதி, பிள்ளை என்று மூன்று விரலில் எண்ணிவிடுவார். அரசாங்கக் கணக்கெடுப்பில்கூட ஒன்றாக இருந்து, சாப்பாட்டுக்குப் பொதுவான ஏற்பாடு வைத்திருப்பவர்களைத்தான் ஒரு வீட்டு அலகாக எடுப்பார்கள். அந்த வரையறை இந்த ஆய்வின் ஆங்கிலக் கையேட்டிலும் இருந்தது, நான் வாசித்தேன். தமிழுக்கு வரும்போது 'குடும்பம்' என்ற ஒரு சொல்லுக்குள் காணாமல் போய்விட்டது.

'கடந்த மாதம்' இன்னும் மோசம். சம்பளக்காரருக்குச் சம்பளத்துக்குச் சம்பளம் மாதம். சிலருக்கு ஒன்றாம் திகதியிலிருந்து முப்பது வரை. கோயில் கதை பேசும் வீட்டில் ஆடி, ஆவணி. கேட்கிற நாள் மாத நடுவில் என்றால் ஒருவர் முடிந்துபோன மாதத்தைச் சொல்வார், இன்னொருவர் இந்த மாதத்தையும் சேர்த்துச் சொல்வார். கிளினிக் மாதம் ஒரு தரம்தான் நடக்கும், அதனால் இரண்டு கிளினிக் நாள் அந்தக் கணக்குக்குள் விழுந்தால் பக்கற்றும் இரட்டிக்கும். இதையெல்லாம் கூட்டிப் பாருங்கள், உங்களுடைய 'மிகைப்படுத்தல்' எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

இந்த இடத்தில் ஒருவர் வந்து, "மொழிபெயர்ப்பை நாங்கள் பின்மொழிபெயர்ப்புச் செய்து சரிபார்த்தோம்" என்று எழுதியிருக்கிறார். தெரியும் ஐயா. தமிழாக்கியதை வேறொருவரிடம் கொடுத்து, மூலத்தைக் காட்டாமல் திரும்ப ஆங்கிலமாக்கி, இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. உளவியலாளர் ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு எல்லாரும் பிடித்துக்கொண்ட முறை. கெட்ட முறை இல்லை, விடுபட்ட சொல்லையும் தலைகீழான அர்த்தத்தையும் பிடிக்கும். ஆனால் திரும்ப ஆங்கிலமாக்கியவர் யார்? கொழும்பில் குளிரறையில் இருக்கும் ஆள். அவருக்கும் வாங்குவது என்றால் காசு கொடுப்பது, குடும்பம் என்றால் புருசன் பெண்சாதி பிள்ளை. ஆங்கிலம் அச்சொட்டாகத் திரும்பி வந்ததில் என்ன அதிசயம்? இரண்டு நகரத்து ஆட்கள் ஒரே மாதிரி விளங்கிக்கொண்டார்கள் என்பதற்கு அது சாட்சி. படுவான்கரைக்கு அது சாட்சியில்லை.

அதனால்தான் வினாக்கொத்து மொழிபெயர்ப்பை ஆராய்ந்த ஜேனட் ஹார்க்நஸ் போன்றவர்கள் குழுவாக மொழிபெயர்க்கச் சொன்னார்கள்: தனித்தனியாக மொழிபெயர்த்து, சேர்ந்திருந்து வாதாடி, ஒருவர் முடிவெடுத்து, பிறகு களத்தில் முன்சோதனை செய்து, எல்லாவற்றையும் எழுதி வைப்பது. ஐரோப்பாவில் பல நாடுகளுக்குப் போகும் பெரிய சமூக ஆய்வில் அப்படித்தான் செய்கிறார்கள். "ஒரு மாப் பக்கற்றுக்கு இவ்வளவு பாடா?" என்று கேட்பீர்கள். அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. ஒரு மாப் பக்கற்றுக்காக ஒரு பிரதேசத்தையே பொய்காரர் ஆக்கினது நானில்லை.

முன்சோதனை என்றால் நான்கு பேரிடம் வாசித்துக் காட்டி "விளங்குதா?" என்று கேட்பதல்ல. "விளங்குதா?" என்று கேட்டால் நம்முடைய சனம் "ஓம்" என்றுதான் சொல்லும், வீட்டுக்கு வந்த பிள்ளையைச் சங்கடப்படுத்தாது. பதிலை வாங்கிவிட்டு, "இதை என்ன நினைச்சு சொன்னீங்க? யார் யாரைச் சேர்த்து எண்ணினீங்க? எந்த நாளிலிருந்து?" என்று கேட்க வேண்டும். இங்கே நாலு பேர், அங்கே நாலு பேர் போதும் இந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க. பெரியம்மாவாக இருந்தால் பக்கற்றையே கொண்டுவந்து காட்டியிருப்பா.

சரி, குறை மட்டும் சொல்லாமல் எப்படிக் கேட்டிருக்கலாம் என்றும் சொல்கிறேன். முதலில் ஆட்களை எண்ண வேண்டும்: "ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் ஆட்கள் எத்தனை பேர்? அவர்களை மட்டும் நினைத்துச் சொல்லுங்கள்." பிறகு, "போன மாதம் இதே திகதியிலிருந்து நேற்று வரைக்கும்" என்று சொல்லி, கேட்கிற பிள்ளை அந்தத் திகதியை வாயால் சொல்ல வேண்டும். பிறகு கிளினிக்கை முதலில் கேட்டுவிட வேண்டும்: "இந்த நாட்களுக்குள் கிளினிக்கில் திரிபோஷா கொடுத்தார்களா?" இந்த ஒழுங்கு முக்கியம். சொல்ல வந்ததை ஒருதரம் சொல்லி முடித்துவிட்டால் அடுத்த கேள்விக்குள் ஆட்கள் அதைத் திணிக்க மாட்டார்கள். அதற்குப் பிறகுதான், "அதை விட்டுவிட்டு, கடையில் காசு கொடுத்தோ கடன் கொப்பியில் எழுதியோ எடுத்த சத்துமா எத்தனை பக்கற்?" கடன் கொப்பி கட்டாயம் வேண்டும், வெள்ளாமை வெட்டின பிறகு கடனை அடைக்கிற வீட்டில், காசு கொடுக்காத சாமானை 'வாங்கினது' என்று சொல்லாமல் விடுபவர்களும் உண்டு. வெறும் பக்கற் இரண்டு மூன்று அளவில் கொண்டுபோய்க் காட்டினால் பெரியது சின்னது குழப்பமும் போய்விடும்.

"இவ்வளவு நீட்டினால் நகரத்தில் ஆட்கள் கதவைச் சாத்துவார்கள்." இது நியாயமான பேச்சு, ஒத்துக்கொள்கிறேன். நேரம் போகும். ஆனால் பதினெட்டு விளம்பரப் படத்தைக் காட்டி "எது பிடிக்கும்?" என்று கேட்கும்போது இந்தக் கவலை எங்கே போனது? "அப்படியானால் கிராமத்துக்கு ஒரு தாள், நகரத்துக்கு ஒரு தாள் போடலாமே" என்கிறார் இன்னொருவர். போடலாம், பிறகு இரண்டையும் ஒப்பிடக் கூடாது. ஒப்பிடத்தானே இவ்வளவு பேரும் வெயிலில் அலைந்தோம்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம் அந்தக் கேள்வியில்கூட இல்லை. பயிற்சி நாளில் திரிபோஷாவைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் களத்தில் சமாளிக்கலாம்" என்றார்கள் ஆய்வை நடத்தியவர்கள். சமாளித்தது யார்? குருமண்வெளியில் வாவி கடக்கும் பாதைப் படகு ஏறி மண்டூர்ப் பக்கம் போய், நாய்க்கும் பயந்து, தண்ணிப்போத்தலும் முடிந்து, வீடு வீடாய் நின்று கேட்ட பிள்ளைகள். ஒருத்தி பாவம் பார்த்து "கடையில எடுத்ததைச் சொல்லுங்க" என்று விளக்கியிருக்கிறாள், இன்னொருத்தி சொன்னபடி வாசித்திருக்கிறாள். யார் கேட்டார்கள் என்று பிரித்து ஒரு அட்டவணை போட்டுப் பார்த்திருந்தால், பக்கத்துப் பக்கத்துக் கிராமத்தில் பதில் பிள்ளைக்குப் பிள்ளை மாறுவது தெரிந்திருக்கும். ஊர் மாறாமல் கேட்கிற ஆள் மாறப் பதில் மாறினால் குற்றம் கேள்வியில். இது தெரியாதவர்களா அவர்கள்? தெரியும். பார்க்கவில்லை. பார்க்காமல், நம்முடைய ஆட்களைப் பற்றி ஒரு வரி எழுதினார்கள், சபையில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் நம்முடைய ஊர்க்காரர். அதுதான் தாங்க முடியவில்லை.

நேற்று இன்னொரு இடத்திலிருந்து ஷாம்பூ வினாக்கொத்து ஒன்று வந்திருக்கிறது, பார்த்துத் தரச் சொல்லி. முதல் பக்கத்திலேயே "கடந்த மாதம் உங்கள் குடும்பத்தில் எத்தனை ஷாம்பூ வாங்கினீர்கள்?" போத்தலா, தோரணமாய்க் கடையில் தொங்குகிற சின்னப் பக்கற்றா என்று கேட்டு எழுதினேன். "கேள்வி ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்டது, எழுத்துப் பிழை மட்டும் பாருங்கள்" என்று பதில் வந்தது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.