பூமி தினச் சலுகையில் எனக்குப் பிடித்த ஒரு அறிவிப்பு

ஏப்ரல் 22 நெருங்கினால் துணிப்பை விளம்பரங்களில் 'இயற்கைக்கு உகந்தது', 'பூமியின் நண்பன்' என்ற சொற்கள் வந்துவிடும். எதற்கு உகந்தது, எவ்வளவு என்று கேட்டால் பதில் இருக்காது. இந்த வருடம் ஒரு நிறுவனத்தின் அறிவிப்பு வேறு மாதிரி இருந்தது. பையின் எடை 180 கிராம், சாயம் போடாத நெய்த பருத்தி, தையல் நூல் மட்டும் பாலியெஸ்டர் என்று எழுதியிருந்தார்கள். அந்த நூல் விஷயத்தை மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதைச் சொன்னதாலேயே மற்றதையும் நம்பத் தோன்றியது.

அடுத்த வரி இன்னும் முக்கியம். 'இதை 131 முறையாவது பயன்படுத்துங்கள்' என்று போட்டு, இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு என்று ஆதாரமும் கொடுத்திருந்தார்கள். மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்று சுமார் 8 கிராம்தான். பருத்தி விளைவிக்க, நூற்க, நெய்ய ஆகும் செலவு அதைவிடப் பல மடங்கு. ஒரே முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பையோடு புவி வெப்பமாதல் கணக்கில் சமமாவதற்கே 131 முறை வேண்டும். வாரம் ஒரு தடவை கடைக்கு எடுத்துப் போனால் இரண்டரை வருடம். கடலில் சேரும் குப்பை இந்தக் கணக்கில் வராது, அதில் துணி பக்கம்தான் நியாயம் இருக்கிறது. டென்மார்க் அரசின் 2018 ஆய்வில் இதே வெப்பமாதல் கணக்குக்கு 52 முறை என்று வருகிறது. ஒப்பிடும் பை மாறினால் எண்ணும் மாறும். அதனால்தான் எந்த ஆய்வு என்று சொல்லாத எண்ணை நான் நம்புவதில்லை.

சரி, சலுகை என்ன? வழக்கமான 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' இல்லை. அப்படிக் கொடுத்தால் 131 என்பது 262 ஆகிவிடும், இரண்டாவது பை அலமாரியில் தூங்கும். இவர்கள் பழைய பையைக் கொண்டு வந்தால் கைப்பிடியை இலவசமாகத் தைத்துத் தருகிறார்கள், எந்த நிறுவனத்தின் பையாக இருந்தாலும். துணிப்பையில் முதலில் விடுவது கைப்பிடி சேரும் இடம்தான். துணி நன்றாக இருக்கும்போதே அந்த ஒரு தையலுக்காகப் பை குப்பைக்குப் போகிறது. அங்கே துணியை மடித்து, சதுரமாகத் தைத்து, நடுவில் குறுக்காகவும் ஓட்டினால் பல வருடம் தாங்கும்.

ஒரு குறையும் உண்டு. 'விற்பனையில் ஒரு பகுதி மரம் நடுவதற்கு' என்று கடைசியில் ஒரு வரி இருக்கிறது. எத்தனை சதவீதம், யாரிடம் போகிறது, நட்ட மரத்தை அடுத்த கோடையில் யார் பார்ப்பார்கள் என்று எதுவும் இல்லை. மற்ற வரிகளை இவ்வளவு கவனமாக எழுதியவர்கள் இதையும் நிரப்ப வேண்டும், முடியாவிட்டால் எடுத்துவிட வேண்டும். அவர்களுக்கு இதை எழுதி அனுப்பியிருக்கிறேன்.